கூர்வளைவு இருந்தாலே முகலாயர் காலமா?

“டெல்லி இரும்புத் தூணுக்குப் பின்னால் நிற்கும் கூர்வளைவைப் பாருங்கள். இப்படி வளைவு இருந்தாலே முகலாயர் கட்டியதுதான்.”

படத்துடன் இப்படி எழுதிய நண்பரே, அது குத்புமினார் வளாகத்து மசூதியின் முகப்பு. அந்த வளைவுச் சுவர் 1190-களின் இறுதியில் குத்புதீன் ஐபக் காலத்தில் எழுந்தது. முகலாயர் வந்தது 1526-இல்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி, வளைவின் விளிம்பில் கற்கள் சேரும் கோடுகளைக் கவனியுங்கள். அவை படுக்கையாகவே ஓடுகின்றன. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழுள்ளதைவிடச் சற்று முன்னே நீண்டு, உச்சியில் இரு பக்கமும் சந்திக்கின்றன. பிறகுதான் விளிம்பு வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வடிவம் புதிது, கட்டிய கைகளோ பழைய முறையில் பழகியவை. அதே வளாகத்தில் 1311-இல் கட்டிய அலாய் தர்வாசா வாயிலில், ஆப்பு வடிவக் கற்களின் இணைப்புக் கோடுகள் விசிறிபோல் விரிகின்றன. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

மசூதியின் கல்தூண்களில் சங்கிலியும் மணியும் செதுக்கியிருப்பதால் இது கோயில்தான் என்று மேலே ஒருவர் சொன்னது பாதி சரி. தூண்கள் பழைய கோயில்களுடையவை. இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். எனவே தூணின் வயது கட்டடத்தின் வயதாகாது.

தம் தாத்தா வீட்டு வளைவின் காலம் கேட்டவருக்கு: சுண்ணாம்புப் பூச்சு இணைப்புகளை மறைத்திருக்கிறது. பூச்சு உதிர்ந்த இடம் ஏதும் இருந்தால் அதைப் படமெடுத்துப் போடுங்கள். அப்போதும் ஆண்டு தெரியாது, கட்டிய முறை மட்டுமே தெரியும்.