பிங் எகிறுனா பிளான மாத்தோணுமா?

"கேம்ல பிங் எகிறுதுங்களா? 100 எம்பிபிஎஸ் பிளான 300க்கு ஏத்துங்க, வைஃபைலயே வெண்ணெயாட்டம் ஓடும்."

தப்புங்க. பிளான ஏத்துனா டவுன்லோடு சீக்கிரம் முடியும், பிங்குங்கறது ஒரு பாக்கெட் போயிட்டுத் திரும்பற நேரம், அது வேற கணக்கு. காசு கட்டறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல இதப் போட்டுப் பாருங்க, ரவுட்டர் அட்ரஸ் வேறன்னா மாத்திக்கோங்க:

```
ping -t 192.168.1.1
```

இது வெளிய போகாது, வீட்டு ரவுட்டர் வரைக்குந்தான். பல்லடத்துல சித்தப்பா வீட்டு மாடி ரூம்ல இதுவே 3 மில்லிசெகண்ட்ல இருந்து 180க்குத் தாவுச்சு. வைஃபைல ஒரு சேனல்ல ஒருத்தர் பேசி முடிச்சாத்தான் அடுத்தவரு, பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கத்துனா பாக்கெட் கெட்டுப்போயி மறுபடி அனுப்பணும், அதான் தாவல். கேட் 6 கேபிள் இழுத்துவிட்டோம் (100 மீட்டர் வரைக்கும் தாங்கும்), 1க்குக் கீழ நின்னுருச்சு.

ஆனா தங்கச்சி வீடியோ அப்லோடு போட்டா கேம் பிங் மட்டும் திரும்ப ஏறுச்சுங்க, ரவுட்டர் பிங் அசையல. அப்ப வரிசை கட்டி நிக்கறது வெளிய போற லைன்ல. அதுக்கு ரவுட்டர்ல எந்த டேட்டா முன்னாடி போகோணும்னு பாத்துக்கற கியூஓஎஸ் ஆன் பண்ணி, ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடு 20 எம்பிபிஎஸ் வந்துச்சுன்னா அதுல அப்லோடு லிமிட்ட 17ன்னு கொறச்சே போடோணும், முழுசாப் போட்டா வரிசை நெட் கம்பெனிக்காரன் பொட்டில போயி நிக்கும், நம்ம ரவுட்டர் கேம முன்னாடி விடறதுக்கு வழியே இல்ல. கேபிள், கியூஓஎஸ் ரெண்டுமே சர்வர் தூரத்தக் கொறைக்காதுங்க, சிங்கப்பூர் சர்வர்னா அந்த பிங் இருக்கத்தான் செய்யும்.