சித்தப்பா அனுப்பிய பதின்மூன்று இலக்கங்கள்

போன வாரம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. வெறும் எண்.

8904132057616

அடுத்த சில விநாடிகளில் அதே எண் மறுபடியும் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. சித்தப்பாவுக்கு அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

குழு கொதித்துவிட்டது. "போனை யாரோ திருடிவிட்டார்கள், பாங்குக்குச் சொல்லுங்கள்" என்றாள் மதினி. செங்கோட்டை மாமா இது கேரளா லாட்டரி எண்தான் என்று அடித்துச் சொன்னார். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003லேயே தடை செய்தாயிற்று. ஆனால் ஆரியங்காவு தாண்டிப் போய் வாங்கி வருகிறவர்களில் மாமாவும் ஒருவர் என்பதால் அவருக்கு எல்லா எண்ணும் லாட்டரி எண்ணாகத்தான் தெரியும். அந்தச் சீட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் இருக்கும் என்பதை அவரே மறந்துவிட்டார். ஆச்சி மட்டும், "கைபட்டிருக்கும், போய்த் தூங்குங்கள்" என்றாள்.

கடைகளுக்குப் பில் போடும் கணினி அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. (சித்தப்பா கடைக்கு நான் அமைக்கவில்லை. அது தனிக் கதை.) அதனால் எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு.

தனியாக ஓர் எண் வந்து நின்றால் எல்லோரும் முதலில் அதன் அர்த்தத்தைத் தேடுகிறார்கள். நான் அது எப்படி உண்டாகியிருக்கும் என்று பார்ப்பேன். சட்டைப் பையில் கிடக்கும் போன் தானாகத் தட்டினால் எழுத்தும் எண்ணும் பொம்மைகளும் கலந்து விழும். விசைப்பலகை திறக்கும்போது எழுத்துகளோடுதானே திறக்கிறது? குழந்தை தட்டினால் 7777 என்றோ, 789456 என்று பக்கத்துப் பக்கத்து விசைகளாகவோ வரும். இதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், இரண்டு முறையும் இலக்கம் பிசகாமல் ஒரே எண். தற்செயலாகப் பட்ட கை, பதின்மூன்று விசைகளை அதே வரிசையில் இரண்டாம் முறை தொடாது.

சரி, எந்தக் குடும்பத்து எண்? செல்போன் எண் என்றால் பத்து இலக்கம், முன்னால் 91 சேர்த்தால் பன்னிரண்டு. ஆதாரும் பன்னிரண்டுதான். பதின்மூன்று இலக்கத்தை நாம் தினமும் கையில் எடுக்கிற இடம் சோப்புப் பெட்டியின் முதுகு. அங்கே கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இருக்கும் எண் பதின்மூன்று இலக்கம். இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களின் சரக்கில் அது 890 என்று தொடங்கும். 890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது, அது தவறு. நிறுவனம் தன் எண்ணை எங்கே பதிவு செய்து வாங்கியது என்பதை மட்டுமே அது சொல்லும்.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. பார்கோட்டின் கடைசி இலக்கம் பொருளுக்கு உரியது அல்ல, முந்தைய பன்னிரண்டுக்கும் காவல்காரன். இடப்பக்கத்திலிருந்து 1, 3, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 8, 0, 1, 2, 5, 6. மொத்தம் 22. இடையில் உள்ளவை 9, 4, 3, 0, 7, 1. அவை 24, அதை மூன்றால் பெருக்கினால் 72. இரண்டும் சேர்ந்து 94. அடுத்த பத்தின் மடங்கு 100. அதை எட்ட 6 வேண்டும். கடைசி இலக்கம் 6தான். (நடு இலக்கங்களை நான் மாற்றியிருக்கிறேன், கடைசியையும் அதற்குத் தக்கபடி திருத்தியிருக்கிறேன். சித்தப்பா கடைச் சரக்கு ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.)

கணக்குப் பொருந்திவிட்டது என்று துள்ளக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பதின்மூன்று இலக்கத்துக்கும் பத்தில் ஒரு முறை பொருந்தும். ஆனால் முதல் மூன்றும் 890 ஆக இருப்பது ஆயிரத்தில் ஒரு முறை. இரண்டும் சேர்ந்து தற்செயலாக அமைவது பத்தாயிரத்தில் ஒரு முறை. அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தக் காவல்காரனும் சில நேரம் தூங்குவான். ஒரே ஓர் இலக்கம் மாறினால் தப்பாமல் பிடிப்பான். பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிப்பான்: மேலே உள்ள எண்ணில் 32ஐ 23 ஆக்கினால் கணக்கு உடனே உடையும். ஆனால் 05ஐ 50 ஆக்கிப் பாருங்கள், அப்போதும் பொருந்தும். வித்தியாசம் சரியாக ஐந்தாக உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அவனுக்குத் தெரியாது. கையால் எண்ணைப் பார்த்து எழுதும் கடைப் பையன்களிடம், இந்த ஐந்து வித்தியாச ஜோடிகளை இரண்டு முறை பாருங்கள் என்று சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

ஆக இது பார்கோடு. அப்படியானால் சித்தப்பா ஏன் அதை எங்களுக்கு அனுப்ப வேண்டும்?

கடையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஸ்கேனரைப் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ பெரிய கருவி என்று பலர் நினைக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை அது இன்னொரு விசைப்பலகை, அவ்வளவுதான். கோடுகளைப் படிக்கும், கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும், பதின்மூன்று எண்களையும் மின்னல் வேகத்தில் தட்டும், முடிவில் என்டர் விசையையும் பெரும்பாலும் தானே அழுத்திவிடும். எங்கே தட்டுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. திரையில் கர்சர் எங்கே துடிக்கிறதோ அங்கே போய் விழும்.

சித்தப்பா கல்லா பக்கத்துக் கணினியிலேயே வாட்ஸ்அப்பும் திறந்து வைத்திருப்பவர். பேத்தியின் படத்துக்குப் பதில் எழுத எங்கள் குழுவின் பெட்டியில் ஒரு முறை தொட்டிருக்கிறார். அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். பொருளை எடுத்து ஸ்கேனரைக் காட்டினார். எண் எங்கள் குழுவில் விழுந்தது, என்டர் அதை அனுப்பியது. திரையைப் பார்க்காமலே அடுத்த பாக்கெட்டையும் காட்டினார். அதே பொருள், அதே எண்.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அந்தப் பொருள் பில்லில் ஏறியிருக்கக்கூடாது. காலையில் சித்தப்பா எடுத்ததும், ராத்திரி ஒன்பது மணி பில்லையும் இருப்பையும் பார்க்கச் சொன்னேன். அப்பளப் பாக்கெட் கணக்கில் இருப்பதைவிட அலமாரியில் இரண்டு குறைவு. பில்லில் அப்பளமே இல்லை. போன் மட்டும் சார்ஜ் தீர்ந்து அணைந்துகிடந்திருக்கிறது.

இதனால்தான் "ரகசியக் குறியீடா, கைத்தவறா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே எனக்குப் பிடிப்பதில்லை. எண் சுத்தமான குறியீடு. அது வந்து சேர்ந்த இடம் சுத்தமான கைத்தவறு. மாமாவும் மதினியும் எண்ணுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி பாதியைச் சரியாகச் சொன்னாள். அதற்கு அவளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சித்தப்பா இப்போது அந்தக் கணினியில் வாட்ஸ்அப் திறப்பதில்லை. நேற்று கர்சர் எண்ணிக்கைக் கட்டத்தில் நின்றிருக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்புக்குப் பதிலாக 8,90,413 கோடிக்கும் மேற்பட்ட கிலோவுக்குப் பில் வர இருந்ததாம். வாங்க வந்தவர் பொறுமையாகக் கேட்டாராம்: "அண்ணாச்சி, பை கொண்டு வரவில்லையே?"