விளம்பரத்தில் தில்லானா, வகுப்பில் தட்டடவு

பரதநாட்டிய வகுப்புகளின் விளம்பர வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. முழு ஒப்பனை, நெற்றிச்சுட்டி, ஜரிகை உடையோடு ஒரு பெண் தில்லானாவின் கடைசிக் கட்டத்தை ஆடுவாள். பின்னால் விளக்கு மாறி மாறி எரியும். முடிவில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று எழுத்து ஓடும். கமென்ட்டில் யாராவது கட்டணம் கேட்டால் 'இன்பாக்ஸ் பாருங்கள்' என்று பதில் வரும்.

அந்தப் பெண் நன்றாகவே ஆடுகிறாள், அதில் குறை இல்லை. ஆனால் அவள் பல வருடம் கற்றவள். வீடியோவைப் பார்ப்பவரோ ஏழு வயதுக் குழந்தையை எங்கே சேர்க்கலாம் என்று யோசிக்கும் அம்மா அல்லது அப்பா. அந்தக் குழந்தை அடுத்த சில மாதம் என்ன செய்யப் போகிறது என்பதற்கு வீடியோவில் ஒரு நொடி கூட இடமில்லை. நடனம் சொல்லித் தருபவள் என்ற முறையில் சொல்கிறேன், விளம்பரத்தில் காட்ட வேண்டியது, குழந்தை முதலில் கற்கும் காலடிப் பயிற்சியான தட்டடவு வகுப்பைத்தான். அதுவும் வெட்டாமல், ஒட்டாமல், மூன்று நான்கு நிமிடம்.

தட்டடவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. குழந்தை தட்டிக் கும்பிட்டுவிட்டு, முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டிக்கு வருகிறது. கை இடுப்பில். டீச்சர் தட்டுக்கழியால் பலகையைத் தட்டி 'தையா தை' என்கிறார். வலது கால் ஒரு தட்டு, இடது கால் ஒரு தட்டு. முதல் தட்டடவு அவ்வளவுதான். (சொற்கட்டு பாணிக்குப் பாணி கொஞ்சம் மாறும்.) அடுத்ததில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தட்டு, அதற்கடுத்ததில் மூன்று. ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் செய்ய வேண்டும். இரண்டாம் காலம் முதல் காலத்தைப் போல இரு மடங்கு வேகம், மூன்றாம் காலம் அதற்கும் இரு மடங்கு.

இப்போது வீடியோவில் குழந்தையின் பாதத்தை மட்டும் கவனியுங்கள். பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் பட்டால் 'தட்' என்று ஒரே சத்தம். முன்பாதம் முதலில் பட்டுக் குதிகால் பின்னால் வந்தால் 'தடக்' என்று இரண்டு சத்தம். புதிதாகச் சேர்ந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் 'தடக்'தான். நல்ல டீச்சர் குனிந்து பார்க்காமலே, காதை வைத்தே அதைப் பிடித்துவிடுவார். கழியை நிறுத்துவார், காலைத் தூக்கும்போது குதிகால் பின்புறமாகத் தொடையை நோக்கிப் போகிறதா என்று காட்டுவார், ஒற்றைக் காலை மட்டும் நாலு முறை தட்டச் சொல்வார், அப்புறம் மறுபடி தாளத்தில் சேர்ப்பார். மேலே பாட்டு ஒட்டிய வீடியோவில் இந்தச் சத்தம் கேட்காது. அதனால்தான் பின்னணி இசையே வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று அரைமண்டி. ஆரம்பத்தில் எந்தக் குழந்தையும் அதிக நேரம் அதில் நிற்காது. ஒரு நிமிடத்துக்குள் உடம்பு மெல்ல மேலே எழும்பும், முதுகு முன்னால் சாயும், பின்புறம் தள்ளும், முட்டி உள்ளே வரும். டீச்சர் அப்போது என்ன செய்கிறார் என்பதுதான் பெற்றோர் பார்க்க வேண்டியது. 'உட்காரு, உட்காரு' என்று கத்திக்கொண்டே மூன்றாம் காலத்துக்குப் போனால் அந்த வகுப்பை விட்டுவிடலாம். பாதத்தை மட்டும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, முட்டி இன்னும் முன்னாலேயே இருக்கிறது என்றால் உடனே எழுந்து வந்துவிடலாம். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முட்டி பாதம் போகும் திசையிலேயே மடங்க வேண்டும். குழந்தைக்குத் திருப்பம் குறைவாக இருந்தால் பாதத்தையும் அந்த அளவுக்கே திருப்பி, நாளாக நாளாகத்தான் அகட்டுவார்கள். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் முட்டியில் முறுக்கிக்கொண்டு விழும். தரையையும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். வெறும் சிமென்ட் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டப் பழகுவது காலுக்கு நல்லதல்ல.

எடுக்கும் விதம் எளிது. போனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, தலையிலிருந்து பாதம் வரை தெரியும்படி வைக்கலாம். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் வைத்தால் முதுகு தெரியும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய குழந்தைகளை மட்டும் எடுக்க வேண்டும், பெயரும் பள்ளிச் சீருடையும் வரக் கூடாது. தவறு செய்த குழந்தையைத் திட்டுவது போல ஒரு வார்த்தை இருந்தாலும் அந்த வீடியோ வேண்டாம். சொல்லப்போனால் அந்த வகுப்பே வேண்டாம்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். 'மாதக் கட்டணம் இவ்வளவு' என்று ஒரு எண்ணைப் போட்டால் வெளிப்படை ஆகிவிடாது. அந்த எண் எத்தனை வகுப்புக்கு, ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாரம் இரண்டு என்றால் மாதம் எட்டு என்று வைத்துக்கொள்கிறோம். சில மாதம் ஒன்பது வரும், பண்டிகை மாதத்தில் ஆறாகும். அதற்கு என்ன கணக்கு?

ஒரு குழந்தை மாத நடுவில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் நான்கு வகுப்புதான் பாக்கி. அப்போது சேர்க்கைக் கட்டணம் ஒரு முறை, அதோடு அந்த மாதக் கட்டணத்தில் பாதி. அடுத்த மாதம் காய்ச்சலில் இரண்டு வகுப்பு போகிறது, டீச்சர் கச்சேரிக்குப் போனதில் ஒன்று போகிறது. என் கணக்கில் டீச்சர் விட்ட வகுப்பைக் கட்டாயம் ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் அடுத்த மாதத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். குழந்தை விட்டதற்குப் பணம் கழிக்க முடியாது, ஏனென்றால் இடமும் நேரமும் அந்தக் குழந்தைக்காக ஒதுக்கியாயிற்று. அதே நிலையில் இருக்கும் வேறு பேட்ச்சில் ஒரு வகுப்புக்கு வந்து உட்காரலாம். இதை ஒப்புக்கொள்ளாத டீச்சர்களும் உண்டு. அவர்கள் விதி வேறாக இருக்கட்டும், முதலிலேயே எழுதிப் போடட்டும்.

மாதக் கட்டணத்தில் சண்டை வருவது குறைவு. சண்டை வருவது மற்றவற்றில். பயிற்சிப் புடவை முதல் மாதமே வேண்டும். சலங்கை வேண்டாம், தட்டடவுக்கு அது தேவையில்லை. சேர்ந்த அன்றே சலங்கை வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஆண்டு விழா வந்தால் உடை வாடகை, ஒப்பனை, அரங்கப் பங்கு. தேர்வு எழுதினால் தேர்வுக் கட்டணம். இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினால் போதும்: எப்போது வரும், கட்டாயமா, பணம் டீச்சருக்கா வெளியாருக்கா. விழாவில் ஆடாத குழந்தைக்கு வகுப்பில் பின்வரிசைதான் என்றால், 'விருப்பம் இருந்தால் ஆடலாம்' என்பது பெயருக்குத்தான்.

அரங்கேற்றத்தைப் பற்றி முதல் நாளே பேசுவது அபசகுனம் போலச் சிலர் நினைக்கிறார்கள். தொகை சொல்ல வேண்டாம், அத்தனை வருடம் கழித்து என்ன விலை என்று யாருக்குத் தெரியும். ஆனால் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், அவர்களுடன் ஒத்திகைகள், உடைகள், ஒப்பனை, அரங்கம், குரு தட்சணை என்று செலவுத் தலைப்புகளையாவது சொல்லலாம். கூடவே, அரங்கேற்றம் செய்யாமலும் இங்கே தொடர்ந்து கற்கலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வரியைக் கட்டண அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எங்காவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், நானே பகிர்கிறேன்.