எடைச் சீட்டுக்கு ஒன்று போதும், பணத்துக்கு இரண்டு வேண்டும்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைகளுக்குக் கணினி வேலை பார்க்கும் தம்பிகளிடம் நான் அடிக்கடி வாதாடும் விஷயம் இது. ஒரே தரவை மூன்று சர்வர்களிலும் வைத்துவிட்டு, எழுதவும் படிக்கவும் எத்தனை சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்ற குவோரம் அளவை எல்லா வேலைக்கும் ஒன்றாகவே போட்டுவிடுகிறார்கள். அது தப்பு.

ஒரு சர்வர் ஆலையில், ஒன்று ஈப்போவில், ஒன்று கோலாலம்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலை ஏற்றி வந்த லோரிக்குக் கிராணி 4,820 கிலோ என்று பதிகிறார். அப்புறம் பார்த்தால் அது 4,280. உடனே திருத்துகிறார். எழுத ஒரு சர்வர் ஒப்புக்கொண்டால் போதும், படிக்கவும் ஒன்று போதும் என்று இருந்தால், திருத்தம் ஆலைச் சர்வரைத் தாண்டாத அந்தச் சிறு நேரத்தில் டவுன் ஆபீஸ் காசாளர் ஈப்போ சர்வரைப் படித்து 540 கிலோவுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிடுவார்.

எழுத இரண்டு, படிக்க இரண்டு என்று வைத்தால் இது நடக்காது. மூன்றில் எந்த இரண்டில் எழுதினாலும், எந்த இரண்டில் படித்தாலும், ஒன்றாவது பொதுவாக இருந்தே தீரும். அதில் புதிய நேரமுத்திரை உள்ள எடை ஜெயிக்கும். படிக்கும் எண்ணிக்கை R, எழுதும் எண்ணிக்கை W, மொத்த சர்வர்கள் N என்றால், `R + W > N` என்பதன் பொருள் இவ்வளவுதான்.

சரி, எல்லாவற்றுக்கும் இரண்டே வைத்துவிடலாமா? மழையில் ஆலையின் லைன் அறுந்தால் அங்கே எட்டுவது ஒரே சர்வர். எடையைப் பதியவே முடியாது. லோரிகள் வரிசை கட்டும், குலைகளோ நேரமாக ஆகக் கெடும். அதனால் புதிய எடைச் சீட்டுக்கு மட்டும் ஒன்று போதும் என்கிறேன். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண், வேறு யாரும் அதைத் தொடப்போவதில்லை. காசாளருக்குச் சீட்டு வந்து சேராவிட்டால் பணம் தாமதமாகும், தப்பாகப் போகாது. மற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் ஆலைச் சர்வரே கெட்டுப்போனால் சீட்டு தொலையும். அதற்காகக் காகிதப் பிரதி கட்டாயம் வேண்டும். திருத்தத்துக்கும் பணத்துக்கும் இரண்டு. கசான்ட்ரா என்ற தரவுத்தளத்தில் இதை வேலைக்கு வேலை `ONE`, `QUORUM` என்று மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. திருத்தம் ஒரு சர்வரில் மட்டும் பதிந்து, இரண்டாவதன் பதில் வராமல் நேரம் கடந்தால் திரையில் பிழை வரும். கிராணி ‘பதியவில்லை’ என்று நினைப்பார். ஆனால் அந்த ஒன்றில் இருப்பதை யாரும் அழிப்பதில்லை. படிக்கும் இரண்டில் அது சேர்ந்தால் 4,280 வரும், சேராவிட்டால் 4,820. ஆகவே பிழை வந்தால் அதே எடையையே மறுபடி அனுப்ப வேண்டும். ‘540 கழி’ என்று எழுதும் நிரலாக இருந்தால் இரண்டு தடவை கழிந்துவிடும்.

இரண்டு காசாளர்கள் ஒரே நொடியில் ‘பணம் தரவில்லை’ என்று படித்து ஆளுக்கொரு தடவை கொடுப்பதை மட்டும் குவோரத்தால் தடுக்க முடியாது. அந்த ஓர் இடத்துக்கு ‘இன்னும் தராவிட்டால் மட்டும் எழுது’ என்ற நிபந்தனை எழுத்து வேண்டும். கசான்ட்ராவில் `IF` போட்டு எழுதுவது. அது மெதுவானது, பணம் கொடுக்கும் இடத்தில் தவிர வேறெங்கும் போடாதீர்கள்.