சோலார் ஹீட்டர் குழாயை அடைக்கலாமா?

"மேல் குழாயில தண்ணி சொட்டுதுன்னா டேங்க் ஓட்டை. மூடி போட்டு அடைச்சிடுங்க."

இப்படி யாராவது சொன்னாலும், தயவுசெய்து அடைக்காதீர்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் சாதாரண ஹீட்டரில் அந்த மேல் குழாய் காற்றுப்போக்கி. 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாகும்போது 200 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய நாலரை லிட்டர் விரிகிறது. குளிர்நீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், விரிந்த தண்ணீர் மேலே வழிந்துதான் ஆகவேண்டும். மதியச் சொட்டு அதனால்தான்.

அடைத்தால் அழுத்தம் ஏறி டேங்க் பிதுங்கும். மேல்நிலைத் தொட்டி காலியான நேரத்தில் வெந்நீரைத் திறந்தால், உள்ளே காற்று போக வழியின்றி ஹீட்டர் டேங்க் நசுங்கவும் கூடும்.

சரி, மோட்டார் போட்டுத் தொட்டி நிறையும்போதெல்லாம் வழிகிறதா? அப்படியென்றால் குழாயின் உயரம் போதவில்லை. தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே போகும்படி அதை நீட்டுங்கள், வாய் திறந்தே இருக்கட்டும்.