இன்ஜினியரா, விவசாயியா? இரண்டும் என்றால் எப்படி எழுதுவது

ரெசியூமிலும் லிங்க்ட்இனிலும் பெயருக்குக் கீழே "இன்ஜினியர் | விவசாயி | இயற்கை ஆர்வலர்" என்று கோடு போட்டுப் பிரித்து எழுதும் வழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. எழுதியவருக்கு அதில் பெருமை இருக்கலாம், அது நியாயமும்கூட. ஆனால் படிக்கிறவருக்கு அந்த வரியிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. சம்பளம் எதில் வருகிறது, தோட்டத்தில் தினமும் நிற்பது யார், எந்த விஷயத்துக்கு இவரைத் தேடிப் போகலாம்? இந்த மூன்றையும் அவர் தானாகவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் ஊகித்தால் அது பெரும்பாலும் நமக்கு எதிராகத்தான் முடியும்.

ஒரு மாதிரியை வைத்துப் பேசுவோம். கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டிசைன் இன்ஜினியர். பொள்ளாச்சிப் பக்கம் குடும்பத்துக்கு 8 ஏக்கர் தென்னந்தோப்பு. 2015 ஜூனில் வேலைக்குச் சேர்ந்து 2021 மார்ச் வரை இருந்தார். அதன்பின் 14 மாதம் முழுக்கத் தோப்பைப் பார்த்தார். 2022 ஜூனில் வேறொரு பம்ப் நிறுவனத்தில் சேர்ந்து இன்றுவரை அங்கே இருக்கிறார். கொங்குப் பகுதியில் இது அபூர்வமான கதை இல்லை.

இவர் ரெசியூமை வழக்கமாக எப்படி எழுதுவார்? பணி அனுபவம் என்ற தலைப்பில் முதல் வரி: "2015 முதல் இன்றுவரை, உரிமையாளர், குடும்பத் தோட்டம்." அதன்கீழ் 2022 நிறுவனம், அதன்கீழ் 2015 நிறுவனம். எழுதியதில் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் எச்.ஆர். அதைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது "உரிமையாளர்". சொந்தத் தொழில் செய்கிறவர், வேலை இவருக்குப் பக்கவாட்டில்தான் என்று அவர் எடுத்துக்கொள்வார். அடுத்து, ஒரே காலத்தில் இரண்டு பதவி ஓடுவதால் மொத்த அனுபவத்தை எப்படிக் கூட்டுவது என்று தெரியாது. மூன்றாவதாக, 2021 மார்ச்சுக்கும் 2022 ஜூனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அந்த நீண்ட தோட்ட வரிக்குள் மறைந்துகிடக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் ஏதோ மறைக்கிறார் என்ற எண்ணம் வரும். உண்மையில் அந்த 14 மாதம்தான் இவர் தோட்டத்தில் செய்த மிகத் தெளிவான வேலை. அதுவே காணாமல் போய்விட்டது.

இதைச் சரிசெய்ய நான் சொல்லும் வழி ஒன்றுதான். முழுநேரமாக இருந்த காலம் எதுவோ, அது எந்த வேலையாக இருந்தாலும், தேதி வரிசையில் வரட்டும். இன்னொரு வேலையோடு சேர்ந்து ஓடிய காலம் தேதி வரிசையில் வரவேண்டாம். அதற்குக் கீழே தனித் தலைப்பு போடுங்கள்.

அப்படிச் செய்தால் தேதி வரிசையில் மூன்றே பதிவுகள் இருக்கும். 2022 ஜூன் முதல் இன்றைய நிறுவனம். 2021 ஏப்ரல் முதல் 2022 மே வரை "குடும்பத் தென்னந்தோப்பு நிர்வாகம், முழுநேரம்". அதற்கு முன் பழைய நிறுவனம். ஒரு மாதம்கூட விடுபடவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் இல்லை. அந்த 14 மாதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கொரோனா என்றெல்லாம் விளக்கப் போனால் பதிவு மன்னிப்புக் கடிதம் போலாகிவிடும். என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

பக்கத்தின் அடியில் "குடும்ப விவசாயம்" என்று ஒரு சிறு தலைப்பு. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இதற்கு நல்ல முன்மாதிரி வருமான வரிப் படிவத்திலேயே இருக்கிறது. சம்பளத்தோடு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானமும் உள்ளவர் நிரப்பும் ITR-2 படிவத்தில் சம்பளம் ஓர் அட்டவணை, விவசாய வருமானம் வேறோர் அட்டவணை. இரண்டையும் அது ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்புவதில்லை. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலத்தைப் பற்றி நான்கு விவரம் கேட்கும்: அஞ்சல் குறியீட்டு எண்ணோடு எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா. நிலத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவருக்கு அதைப் புரியவைக்க இந்த நான்கும் போதும். விவசாயம் தெரிந்தவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

அந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று நாம் சேர்க்க வேண்டும்: அன்றாட வேலை யார் பொறுப்பு. நம் மாதிரி இன்ஜினியருக்கு அது இப்படி வரும்:

"பொள்ளாச்சி அருகே 8 ஏக்கர் தென்னை. குடும்ப நிலம், கிணற்றுப் பாசனம். அன்றாடப் பராமரிப்பு தந்தையும் ஒரு நிரந்தரப் பணியாளரும். கணக்கு, பாசன அமைப்பு, காய் விற்பனை என் பொறுப்பு; வார இறுதிகளில் பார்க்கிறேன்."

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் இந்தப் பத்தியால் பயன் இல்லை. தோப்பு இருக்கிறது என்று தெரிந்தவுடன் வேலைக்கு எடுப்பவர் மனதில் ஓடுவது, "வெட்டு நாளில் லீவு போடுவாரோ" என்ற ஒரே கேள்வி. தென்னையில் ஏறக்குறைய 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டு வரும். ஆகவே சந்தேகம் நியாயமானதுதான். நேர்முகத் தேர்வில் அவர் அதைக் கேட்கத் தயங்கலாம். கேட்காமலே விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிடவும் செய்யலாம். பதில் பக்கத்திலேயே இருந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் உண்மையில் வெட்டு நாளில் நீங்கள்தான் நிற்க வேண்டும் என்றால் "வார இறுதிகளில்" என்று எழுதாதீர்கள். சேர்ந்த இரண்டாம் மாதமே தெரிந்துவிடும்.

"விவசாயமும் பார்க்கிறேன்" என்ற வரியையும் நான் வேண்டாம் என்பேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரும் அதைத்தான் சொல்கிறார், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டவரும் சொல்கிறார், தினமும் மண்வெட்டி பிடிப்பவரும் சொல்கிறார். மூன்றும் வேறுவேறு நிலை. அதேபோல "உரிமையாளர்" என்று போடுமுன் பட்டாவைப் பாருங்கள். பட்டா அப்பா பெயரில் இருந்தால் அந்தச் சொல் வேண்டாம். கூட்டுப் பட்டா என்றால் உரிமையாளர்களில் ஒருவர். "குடும்ப நிலம்" என்று எழுதினால் எந்த நிலையிலும் பொய்யாகாது.

எண்களிலும் கவனம் வேண்டும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 தென்னை வரும், 8 ஏக்கருக்கு 560. யாராவது 8 ஏக்கரில் 1,000 மரம் என்று எழுதினால், தோப்பு உள்ள ஒருவர் அதைப் படித்த உடனே மற்ற வரிகளையும் நம்ப மாட்டார். கோவை வட்டாரத்து நிறுவனங்களில் தோப்பு உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு வேலையும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடும் இடம் இருந்தால், அதை மட்டும் மேலே கொண்டுவரலாம். நம் ஆள் பம்ப் இன்ஜினியர். தோப்பில் சொட்டுநீர் போட்டவரும் அவரே. மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று கணக்கு வைத்தால் 560 மரத்துக்கு 44,800 லிட்டர். நொடிக்கு 3 லிட்டர் தரும் மோட்டார் என்றால் மணிக்கு 10,800 லிட்டர். ஆக நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட வேண்டும். தோப்பை நான்கு வால்வுப் பகுதியாகப் பிரித்தால் பகுதிக்குச் சுமார் ஒரு மணி நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் இதை முடிக்க வேண்டும். இது முழுக்க அவர் தொழில் சார்ந்த கணக்கு. ஆகவே 14 மாதப் பதிவின்கீழ், "560 தென்னைக்கு, நாளொன்றுக்கு 44,800 லிட்டர் தேவைக்கு, நான்கு வால்வுப் பகுதிகளில் சொட்டுநீர் அமைப்பை வடிவமைத்து நிறுவினேன்" என்று எழுதினால் பம்ப் நிறுவனத்தில் அது உடனே எடுபடும். அதே ஆள் வங்கி மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் இந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான். "விவசாயம் எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது" என்ற மாதிரி வரி எந்த நிறுவனத்துக்கும் வேண்டாம். அதை வைத்து யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.

லிங்க்ட்இன் தனி விஷயம். அங்கே இரண்டு பதவியையும் இன்றுவரை ஓடுவதாகக் காட்ட முடியும். ஆனால் பெயருக்குக் கீழே வரும் வரி மற்ற இடங்களில் பாதியிலேயே வெட்டுப்படும். யாருக்காவது கருத்து எழுதும்போது உங்கள் பெயரோடு தெரிவது முதல் சில சொற்கள் மட்டுமே. எனவே அந்த இடம் சம்பள வேலைக்கு. தோப்பைச் சேர்க்க விரும்பினால் வேலை வகையில் Part-time என்று தேர்ந்தெடுத்துச் சேருங்கள், Full-time வேண்டாம். அதற்குமுன் உங்கள் பணி ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்வது பற்றிய பிரிவு இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். அப்படி ஒன்று இருந்தால், குடும்ப நிலம் இருப்பதையும் உங்கள் பங்கு என்ன என்பதையும் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துப் பதில் வாங்கி வைப்பது நல்லது.

இனி தோப்பின் பக்கத்திலிருந்து. காய் வாங்க வருபவருக்கும், நேரடியாகத் தேங்காயோ எண்ணெயோ கேட்பவருக்கும் உங்கள் பட்டம் முக்கியமில்லை. நெட்டையா, குட்டையா, நெட்டை-குட்டை ஒட்டா. உரித்த காயா, மட்டையோடா. அடுத்த வெட்டு எப்போது. குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும். இவைதான் முதல் நான்கு வரி. "ஐடி வேலையை விட்டு மண்ணுக்குத் திரும்பியவர்" என்ற பாணி அறிமுகம் இப்போது விற்பனைப் பக்கங்களில் அதிகம். வேலையை விடாதவர்கள்கூட அப்படி எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் லிங்க்ட்இனில் அதே பெயரைப் பார்த்துவிட்டால் எண்ணெயின் சுத்தத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். "நான் கோவையில் வேலை பார்க்கிறேன், தோப்பில் இருப்பவர் அப்பா, மாலை 6 மணிக்கு மேல் என்னை அழைக்கலாம், பகலில் அப்பாவை அழையுங்கள்" என்று இரண்டு எண்ணும் கொடுத்துவிட்டால் வியாபாரிக்கு அதுவே வசதி. லோடு ஏற்றும் நேரத்தில் நீங்கள் மீட்டிங்கில் இருந்து, போன் எடுக்காமல், வண்டி பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும் நிலையும் வராது.