நிதிக் கம்பனியின் கடனை எங்கே கழிப்பது?

“ஒரு குழுமத்தின் பெறுமதியைப் பிரிவு பிரிவாக மதிப்பிடும்போது, மொத்தக் கடனையும் கடைசியில் ஒரே தடவையில் கழித்தால் போதாதா?”

போதாது, ஐயா. எங்கள் திருகோணமலையை வைத்தே ஒரு கற்பனைக் குழுமத்தை எடுத்துக்கொள்வோம்: மா ஆலை, நிலாவெளியில் ஒரு ஹோட்டல், ஒரு நிதிக் கம்பனி. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முந்தைய இலாபம் ஆலைக்கு 80 கோடி ரூபா, ஹோட்டலுக்கு 30 கோடி. நிதானமாக ஓடும் ஆலைக்கு 6 மடங்கும், வளரக்கூடிய ஹோட்டலுக்கு 10 மடங்கும் கொடுத்தால் கூட்டுத்தொகை 780 கோடி. (ஹோட்டலுக்குப் பல ஆண்டுச் சராசரி இலாபத்தையே எடுக்க வேண்டும், ஒரு நல்ல சீசனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.) இவ்விரண்டின் கடன் 250 கோடியைக் கழிக்க, 530 கோடி மிஞ்சும்.

நிதிக் கம்பனிக்கோ வைப்புப் பணமே மூலப்பொருள், வட்டியே கொள்முதல் செலவு. ஆகவே அதன் தேறிய சொத்தான 200 கோடியை 0.9 மடங்கில் மதித்து, 180 கோடியை நேரடியாகப் பங்குதாரர் பெறுமதியாகவே சேர்க்கிறோம். வைப்புகள் அதற்குள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. ஒருங்கிணைந்த ஐந்தொகையில் தெரியும் 1,000 கோடி வைப்பை மீண்டும் கழித்தால் குழுமத்தின் பெறுமதி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். இரட்டைக் கழிப்பு நடந்ததை அதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

எந்தப் பிரிவின் கணக்கிலும் ஏறாத தலைமை அலுவலகச் செலவு ஆண்டுக்கு 10 கோடி என்றால், அதையும் 7 மடங்காகக் கழிக்க வேண்டும். அப்போது 530 கோடியும் 180 கோடியும் சேர்ந்த 710 கோடி, 640 கோடியாகிறது.